பத்தாயிரம் எப்போதும் பத்தாயிரமாக இருக்க வேண்டும்

எந்த அலுவலகத்திலும் கேஷியரின் மேசை இழுப்பறையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். ஆட்டோ கூலி, கூரியர், தண்ணீர் கேன், ஜெராக்ஸ் என்று காசோலை போட முடியாத சில்லறைச் செலவெல்லாம் அதிலிருந்துதான் போகும். பெட்டி கேஷ் என்பார்கள். இன்று பெரும்பாலான நிறுவனங்களில் அந்தப் பெட்டியின் கணக்கு கணினிக்குள், நிதிப் பிரிவுக்கான ஃபைனான்ஸ் மாட்யூலில் ஏறிவிட்டது. பணம் மட்டும் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. சிக்கல்கள் பலவும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிறக்கின்றன.

இதற்கான முறைக்கு இம்ப்ரெஸ்ட் என்று பெயர். கேஷியரிடம் ஒரு நிலையான தொகையைக் கொடுத்துவிடுவார்கள். 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணம் வெளியே போகும்போதெல்லாம் அதன் இடத்தில் ஒரு வவுச்சர் வந்து உட்கார வேண்டும். எந்த நேரத்தில் எண்ணினாலும் மீதிப் பணமும் வவுச்சர்களும் சேர்ந்து 10,000 வர வேண்டும். பணம் குறைந்ததும் வவுச்சர்களின் கூட்டுத்தொகை எவ்வளவோ அதை மட்டும் வங்கியிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். 7,640 செலவானால் 7,640தான். "எதற்கும் இருக்கட்டும்" என்று 8,000 எடுத்தால் கணக்கின் அச்சே முறிந்துவிடும்.

மாட்யூல் இதில் என்ன செய்கிறது? ஒவ்வொரு வவுச்சருக்கும் வரிசை எண்ணைத் தானே போடுகிறது. எந்தச் செலவுத் தலைப்பு என்று கேட்கிறது. ஒரு வவுச்சருக்கு 2,000 ரூபாய்தான் உச்சம் என்று அமைத்திருந்தால், அதற்கு மேற்பட்டதை மேலாளர் ஒப்புதலுக்கு அனுப்புகிறது. வவுச்சரைப் பதிகிறவரே அதை ஒப்புக்கொள்ளவும் முடியாதபடி தடுக்கலாம். இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் பதிவையே மறுக்கும்படியும் வைக்கலாம். கையில் இல்லாத பணத்தை யாரும் செலவழிக்க முடியாதல்லவா?

ஒரு நாள் கணக்கு முடிக்கும்போது திரையில் இருப்பு 2,450 என்று காட்டுகிறது. பெட்டியை எண்ணினால் 2,360. தொண்ணூறு ரூபாய் குறைகிறது. இங்கே அனுபவமுள்ள கணக்கர் கேஷியரை முறைக்க மாட்டார்; 90ஐ 9ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று சந்தேகிப்பார். வவுச்சர்களை ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கிறது: ஆட்டோ கூலி 540, பதிவில் 450. வவுச்சர்களின் உண்மைக் கூட்டு 7,640. மாட்யூல் 7,550 என்று நினைத்துக்கொண்டிருந்தது. அதை நம்பிப் பெட்டியை நிரப்பியிருந்தால் 9,910 ரூபாய்தான் இருந்திருக்கும்.

தவற்றை அழித்துவிட்டு மேலேயே எழுதக் கூடாது. பழைய பதிவை ரத்துப் பதிவால் நீக்கி, சரியான தொகையைப் புதிதாகப் போட வேண்டும். இந்தியாவில் நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தைக் காக்கும், அந்த வசதியை அணைக்க முடியாத கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி.

மாட்யூலுக்குத் தெரியாதவையும் உண்டு. "அண்ணே, ஒரு ஐந்நூறு கொடுங்க, சாயந்திரம் தந்துடறேன்" என்று டிரைவர் வாங்கிப்போன பணம் துண்டுச்சீட்டாகப் பெட்டியில் கிடக்கும், திரையில் வராது. அதை முன்பணமாகப் பதிந்து, பில்லும் மீதியும் வந்ததும் முடித்துவிடுவதே வழி. இன்னொன்று, உடைத்த பில். ஹார்டுவேர் கடையில் 3,800 ரூபாய்க்கு வாங்கியதை 1,900 வீதம் இரண்டு வவுச்சராக்கினால் 2,000 வரம்பு ஏமாந்துவிடும். ஒரே கடை, ஒரே தேதி, அடுத்தடுத்த எண்கள் என்று அறிக்கையை வரிசைப்படுத்திப் பார்த்தால் பிடிபடும்.

மார்ச் 31 அன்று இன்னும் கவனம் தேவை. நிரப்பும்போதுதான் செலவைப் பதிகிற வழக்கம் இருந்தால், பெட்டியில் 2,360 இருக்க, இருப்புநிலைக் குறிப்பில் ரொக்கம் 10,000 என்று ஏறிவிடும். 7,640 ரூபாய்ச் செலவு அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடும். அதனால் பணம் தீராவிட்டாலும் அன்று வவுச்சர்களைப் பதிந்தே ஆக வேண்டும்.

மென்பொருள் வவுச்சரை மட்டுமே காவல் காக்கும். பெட்டிக்குள் இருக்கும் நோட்டை அதால் எண்ண முடியாது. மாதம் ஒருமுறையாவது, சொல்லாமல் கொள்ளாமல், கேஷியர் அல்லாத ஒருவர் கேஷியரின் முன்னிலையில் பெட்டியைத் திறந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும்.