படத்தில் படுத்திருப்பது வாத்தா, வான்கோழியா?

போன வருஷம் ஐப்பசியில ஒரு நாள் காலை. சரபங்கா ஆத்துக்குப் பக்கத்துல இருக்கிற எங்க தோட்டத்துல, தீவனத் தொட்டியைச் சுத்தி ஏழெட்டுப் பறவைகள் எழுந்திருக்காமக் கிடந்தன. பயந்து போய் தங்கச்சி மகனை மாடிக்கு ஏறச் சொல்லி, முழுக் கொட்டகையும் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து, எங்க பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘டாக்டர், கோழிங்க படுத்துடுச்சு’ என்று எழுதினேன். உடனே போன் வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: ‘சார், வெள்ளையா படுத்திருக்கறது வாத்தா, வான்கோழியா?’

அந்தக் கேள்விக்கு அந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. எங்க கொட்டகையில் நாட்டுக்கோழி, வான்கோழி, கினிக்கோழி, கூஸ் வாத்து நாலும் ஒன்றாகத்தான் திரியும். காடை மட்டும் கூண்டில். வான்கோழியும் வெள்ளை, கூஸும் வெள்ளை, கினியில் இரண்டும் வெள்ளை. மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளைப் பொட்டலம். கூஸ் தண்ணித் தொட்டி ஓரத்தில் படுத்திருந்தால் அது ஓய்வு, ஒரு கவலையும் இல்லை. வான்கோழி தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் காலை நீட்டிக் கிடந்தால் அது வேறு சமாச்சாரம்.

முப்பத்தி நாலு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். கையெழுத்துச் சரிபார்க்கும்போது மையின் நிறத்தைப் பார்க்கக் கூடாது, எழுத்தின் ஓட்டத்தைப் பார்க்கணும் என்பது அங்கே முதல் பாடம். பறவைக்கும் அதேதான். நிறம் கடைசி. வான்கோழியில் வெள்ளையும் உண்டு, கறுப்பும் உண்டு, வெண்கல நிறமும் உண்டு. கினியில் புள்ளி போட்டது, சாம்பல், வெள்ளை. கூஸில் வெள்ளை, பழுப்பு. நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். வரிசையாகப் பார்க்க வேண்டியது கால், தலை, முதுகு வளைவு, அப்புறம் அளவு.

கால் விரல்களுக்கு நடுவில் சவ்வு இருந்தால் அது வாத்து இனம். வான்கோழி, கினி, காடை மூன்றும் அந்தக் கணமே கழிந்துவிடும். படம் எடுக்கும்போது புல்லில் கால் மறையாமல் எடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சவ்வு தெரிந்த பிறகு, கூஸா சாதா வாத்தா என்பது அடுத்த கேள்வி. வாத்தின் அலகு தட்டையாக, அகலமாக, கரண்டி மாதிரி இருக்கும். கூஸின் அலகு நெற்றியோடு சேரும் இடத்தில் உயரமாக இருந்து, நுனிக்குப் போகப் போகச் சிறுத்துவரும். ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி இருக்கும், அது புல்லை அறுத்து மேய்வதற்கு. நம்ம பக்கம் வளர்க்கிற கூஸ் பெரும்பாலும் சீன வகை. அதற்கு அலகுக்கு மேலே நெற்றியில் ஒரு குமிழ் இருக்கும். ஆணுக்குப் பெரிசு. கால்கள் உடம்புக்கு நடுவாக அமைந்திருப்பதால் நிமிர்ந்து நடக்கும். வாத்து ஆடி ஆடி நடக்கும். ஆண் வாத்தின் வால் மேல் சுருண்ட இறகு இருக்குமே, அது கூஸுக்குக் கிடையாது.

இன்னொரு ஏமாற்றுக்காரன் மணிலா வாத்து. முகமெல்லாம் சிவப்பாகச் சதை முடிச்சு முடிச்சாக இருப்பதால், தலை மட்டும் தெரிகிற படத்தை வைத்துப் பலர் அதை வான்கோழி என்று எழுதுகிறார்கள். காலைப் பார்த்தால் சவ்வு காட்டிக்கொடுத்துவிடும்.

சவ்வு இல்லையென்றால் தலைக்கு வாங்க. வான்கோழிக்குத் தலையும் கழுத்தின் மேல்பாதியும் ஏறக்குறைய மொட்டை. அந்தத் தோல் சிவப்பு, நீலம், வெளுப்பு என்று பறவையின் மனநிலைக்குத் தக்கபடி மாறும். அதனால் ஒரே பறவையை இரண்டு படத்தில் இரண்டு நிறத் தலையோடு பார்த்தால் குழம்ப வேண்டாம். அலகின் மேல்புறத்திலிருந்து ஒரு சதை விரல் மாதிரி தொங்கும். ஆணுக்கு நீளமாக அலகைத் தாண்டித் தொங்கும், பெட்டைக்குச் சின்னதாக நிற்கும். வளர்ந்த ஆணின் நெஞ்சிலிருந்து குதிரைவால் முடி மாதிரி ஒரு கறுப்புக் கற்றை தொங்கும். தோகையை விரித்து நிற்கிற படம் என்றால் கேள்வியே இல்லை. ஆனால் எல்லா நேரமும் விரிப்பதில்லை, பெட்டை விரிப்பது அபூர்வம். அதனால் தோகையைத் தேடாதீர்கள், அலகு மேலே அந்தச் சதையைத் தேடுங்கள்.

கினிக்கோழிக்கு உச்சந்தலையில் எலும்பால் ஆன ஒரு கொம்பு, குல்லா கவிழ்த்த மாதிரி. முகம் வெளுத்த தோல், இரண்டு பக்கமும் தாடையில் சிவந்த தாடி மடல். தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறிசு. முதுகு குடம் கவிழ்த்த மாதிரி கூன் விழுந்து, வால் தரையைப் பார்த்துச் சரியும். வான்கோழியின் முதுகோடு வைத்துப் பார்த்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வெள்ளைக் கினியை வெள்ளை வான்கோழியிலிருந்து பிரிக்க எனக்கு உதவுவது இந்தக் கூன்தான். எடையிலும் ஏணி வைத்தாலும் எட்டாது: வளர்ந்த கினி ஒன்றரைக் கிலோ சுமார், ஆண் வான்கோழி அதைப்போல நாலஞ்சு மடங்கு. கினியில் ஆண் பெண் மட்டும் படத்தில் தெரிவது கஷ்டம். ஆணின் தாடி மடல் கொஞ்சம் பெரிசு என்பார்கள், மூணு மாசம் ஆன பிறகும் சந்தேகமாகவே இருக்கும். காதால் கேட்டால் தெரியும். பெட்டை இரண்டு அசையாகக் கூவும், ஆணுக்கு அது வராது. அதற்குப் படம் போதாது, பத்து விநாடி வீடியோ எடுங்கள்.

காடையில் சிக்கல் வேறு. கொண்டை இல்லை, தாடி இல்லை, குல்லா இல்லை; பழுப்பு உடம்பு, குட்டை வால். பக்கத்தில் எதுவும் இல்லாமல் தனியாக எடுத்த படத்தில் அதைக் கினிக் குஞ்சு என்றும் சொல்லலாம், கௌதாரி என்றும் சொல்லலாம். அதற்குத்தான் ஒரு செங்கல். ஒன்பது அங்குலச் செங்கல்லைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால், வளர்ந்த ஜப்பானியக் காடை அந்தச் செங்கல்லை விட நீளம் குறைவாக இருக்கும். மூணு வாரத்துக்கு மேல் ஆன காடையில் ஆண் பெண்ணும் படத்திலேயே தெரியும்: ஆணின் நெஞ்சு செம்பழுப்பாக ஒரே நிறம், பெட்டையின் நெஞ்சு வெளிறி, கறுப்புப் புள்ளியோடு இருக்கும். நம்ம பக்கத்துக் காட்டில் வலை வைத்துப் பிடிக்கிற காடை வேறு இனம், அதைப் பிடிப்பது 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம். பண்ணைக் காடை என்று சொல்லி யாராவது அதை விற்கவந்தால் வாங்காதீர்கள்.

குஞ்சு வாங்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறோம். வான்கோழிக் குஞ்சுக்கு விலை கூடுதல், அதனால் சந்தையில் கினிக் குஞ்சையும் அந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள். இரண்டுக்கும் உடம்பில் கோடு இருக்கலாம், அதைப் பார்க்காதீர்கள். வான்கோழிக் குஞ்சுக்குப் பொரித்த நாளே அலகின் மேல், நெற்றிக்குக் கிட்ட, கடுகளவு ஒரு முடிச்சு இருக்கும். பின்னாளில் தொங்கப்போகும் சதையின் விதை அது. கினிக் குஞ்சுக்கு அது இருக்காது. அலகும் காலும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கையில் எடுத்தால் வான்கோழிக் குஞ்சு ஐம்பது கிராம் அளவு, கினி அதில் பாதி, காடை பத்து கிராம்கூட வராது. விற்பவரிடம் குஞ்சின் தலையைப் பக்கவாட்டில், கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். கூடையை மேலிருந்து எடுத்த படம் மட்டும் அனுப்பினால் அட்வான்ஸ் போடாதீர்கள்.

குஞ்சுப் படமும் சந்தேகமாக இருந்தால் முட்டையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். காடை முட்டை பத்துப் பன்னிரண்டு கிராம், மேலே கறுப்புத் திட்டு. கினி முட்டை கோழி முட்டையை விடச் சிறிசு, ஒரு முனை கூராக, ஓடு கெட்டியாக இருக்கும். வான்கோழி முட்டை வெளிர் மஞ்சளில் பழுப்புப் பொட்டு. கூஸ் முட்டை வெள்ளை, உள்ளங்கை நிறையும்.

சரி, அன்றைய படத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்னபடி தங்கச்சி மகன் கீழே இறங்கிவந்து, தரையில் உட்கார்ந்து, படுத்திருந்த ஒவ்வொன்றின் தலையையும் பக்கவாட்டில் எடுத்தான். கால் மடங்கிக் கிடந்ததால் சவ்வு தெரியாது, தலைதான் கதி. மொட்டைத் தலை, அலகு மேல் சதை. எட்டும் வான்கோழி, மூணு மாசம் தாண்டியவை. கூஸ் நாலும் தண்ணித் தொட்டி ஓரம், நெற்றிக் குமிழோடு, தலை நிமிர்ந்து. கினிகள் ஓட்டுக் கூரை மேல். நாட்டுக்கோழிகள் அதே தொட்டியில் தீவனம் கொத்திக்கொண்டு சாவகாசமாக நின்றன.

படத்தைப் பார்த்த டாக்டர் நோயைப் பற்றிப் பேசவே இல்லை. ‘ஒரே தொட்டியில தின்ன கோழி நிக்குது, வான்கோழி மட்டும் விழுந்திருக்கு. தீவன மூட்டை லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்க சார்’ என்றார். எங்க வீட்டு அரவை தீர்ந்துபோய், நாலு நாளாகக் கடையில் வாங்கின பிராய்லர் தீவனத்தைப் போட்டிருந்தேன். இயற்கை விவசாயம் பேசிக்கிட்டு கடை மூட்டையா என்று கேட்டால், கேட்கலாம். லேபிளின் அடியில் பொடி எழுத்தில் ‘சலினோமைசின்’ என்று இருந்தது. ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கப் பிராய்லர் கோழித் தீவனத்தில் கலக்கிற மருந்து. கோழி அந்த அளவைத் தாங்கும். வான்கோழி தாங்காது, தசை பாதித்து, கால் இழுத்துக்கொண்டு விழும். வயசு ஏற ஏறத் தாங்கும் சக்தி குறைவு, அதனால் குஞ்சை விட வளர்ந்ததுக்குத்தான் ஆபத்து.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. மூட்டையை உடனே நிறுத்தினோம். தொட்டியைக் கழுவி, கம்பும் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் கருவாட்டுத்தூளும் அரைத்துப் போட்டோம். எழுந்துபோய்த் தண்ணி குடிக்க முடியாதவற்றின் மூக்குக்கு நேராகக் கிண்ணம் வைத்து, நாலு மணிக்கு ஒரு தரம் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தோம். மூணு செத்துப்போச்சு. அஞ்சு பிழைத்தது, அதில் ஒன்று இன்னும் இடது காலை இழுத்துத்தான் நடக்குது. முதல் படத்திலேயே தலை தெரிந்திருந்தால் அரை மணி நேரம் முன்னாடி மூட்டையைக் கட்டியிருப்பேன். அந்த அரை மணியில் இன்னும் ரெண்டு தரம் அவை தொட்டியில் கொத்தின.

இப்போ கொட்டகைக் கதவில் ஒரு செங்கல் வைத்திருக்கோம். யாராவது டாக்டருக்கோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ படம் அனுப்பணும்னா, பறவையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, செங்கல்லைப் பக்கத்தில் வைத்து, கால் தெரிய ஒன்று, தலை பக்கவாட்டில் ஒன்று, முழு முதுகு தெரிய ஒன்று என மூணு படம். நாலாவது படம் தீவன மூட்டையின் லேபிள்.