சீட் கிடைத்ததா என்று சாருக்கு யார் சொல்வது?

அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கும் மாணவருக்காகப் பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதம், பெரும்பாலும் மாணவர் கண்ணில் படுவதே இல்லை. பல்கலைக்கழகம் மின்னஞ்சலில் அனுப்பும் இணைப்பைத் திறந்து பேராசிரியரே பதிவேற்றுகிறார். ஐந்து பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் ஐந்து முறை. சில இடங்களில், மாணவர் வகுப்பில் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்தில் வருவாரா என்று தனிப் படிவமும் கேட்பார்கள். பல துறைகளில் டிசம்பரோடு இந்த வேலை முடிந்துவிடும். பிப்ரவரி, மார்ச்சில் வரும் முடிவோ மாணவருக்கு மட்டும்தான் போகிறது. அவர் சொன்னால்தான் பேராசிரியருக்குத் தெரியும்.

கடிதம் பதிவேறிய அன்றே இரண்டு வரி நன்றி அனுப்பிவிட வேண்டும். சீட் கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அவர் செலவிட்ட நேரத்துக்கான நன்றி முடிவைப் பொறுத்தது என்றாகிவிடும். விரிவான கடிதம் எங்கே சேர்வது என்று தீர்மானித்த பிறகு. உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஏப்ரல் 15 கடைசி நாள் என்பதால், அதையொட்டி எழுதலாம். சிவில் படித்த ஒரு மாணவியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

“வணக்கம் சார். நீங்கள் பரிந்துரைத்த ஐந்து இடங்களில் இரண்டில் சீட் கிடைத்தது. இரண்டில் இல்லை என்றுவிட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் வைத்திருந்த இடத்திலிருந்து நானே விலகிக்கொண்டேன். நிலத்தடி நீர் ஆய்வுக்கு உதவித்தொகை தரும் இடத்தில் சேர்கிறேன். ஆகஸ்டில் கிளம்புகிறேன். நேர்காணலில் இறுதியாண்டு ப்ராஜெக்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். கிணற்று நீர் மாதிரிகளை இரண்டாம் முறை சோதிக்கச் சொன்னீர்களே, அதனால்தான் தயங்காமல் பதில் சொல்ல முடிந்தது. மிக்க நன்றி சார்.”

கிடைக்காத இடங்களையும் அவள் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு வரும் மாணவருக்கு எங்கே விண்ணப்பிக்கச் சொல்லலாம் என்று பேராசிரியர் யோசிக்கும்போது அந்தத் தகவல் உதவும். “கடிதத்தில் என்ன எழுதினீர்கள்?” என்று அவள் கேட்கவுமில்லை. அதைப் பார்க்கும் உரிமையை வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே பெரும்பாலான மாணவர்கள் விட்டுக்கொடுத்திருப்பார்கள். முடிவு வந்தபின் ஒரு பெட்டி இனிப்போடு போய்ப் பார்க்கலாம். கடிதம் எழுதும் முன்பே விலையுயர்ந்த பரிசு கொடுப்பது அவரைச் சங்கடத்தில்தான் தள்ளும்.

எங்குமே கிடைக்காதபோதுதான் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் விஷயம். “எங்கும் கிடைக்கவில்லை சார், அடுத்த ஆண்டு மறுபடி முயல்கிறேன்” என்று எழுதினால் போதும். அவரிடம் பழைய கடிதம் இருக்கிறது. அதைப் புதுப்பித்துத் தருவது எளிது. எந்த இடம் தவறான தேர்வு என்றும் அவர் சொல்லக்கூடும்.

முதல் செமஸ்டர் முடிந்ததும் எதையும் கேட்காமல் ஒரு மின்னஞ்சல் போடலாம். அவர் நடத்திய எந்தப் பாடம் அங்கே கைகொடுத்தது என்று எழுதினால் அவருக்கும் படிக்க விஷயம் இருக்கும். மூன்று ஆண்டு கழித்து ஃபெலோஷிப்புக்காக மறுபடி கடிதம் கேட்க நேர்ந்தால், புதிய சுயவிவரத்தோடு பழைய ப்ராஜெக்டின் தலைப்பையும் படித்த ஆண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்குள் அவர் பல நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருப்பார்.