5.1 சதவீதம்: தேர்வா, தோல்வியா?

திருப்பூரில் ஒரு பனியன் துணி லாட், தைக்கப் போவதற்கு முன் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறது. பையர் கேட்டது ஒன்றுதான்: துவைத்தால் நீளவாக்கில் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கக் கூடாது. துணியில் 350 மில்லிமீட்டர் இடைவெளியில் அழியாத மையால் குறியிட்டு, மூன்று முறை துவைத்து, உலர்த்தி, மறுபடி அளக்கிறார்கள். சராசரி 332 மி.மீ. அதாவது 18 மி.மீ. குறைந்திருக்கிறது, 5.1 சதவீதம்.

இது தேர்வா, தோல்வியா? அந்த எண்ணைப் பார்த்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நேர்மையான பதில் கிடைப்பது கடினம். பையருக்கு ஒரு பதிலும் துணி மில்லுக்கு வேறொரு பதிலும் சரியாகத் தோன்றும். ஆகவே வாஷிங் மெஷினை ஓட விடுவதற்கு முன்பே சில வரிகளை எழுதி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் வரி, எதைச் சோதித்தோம் என்பது. ‘துணி சோதிக்கப்பட்டது’ என்று எழுதினால் ஒன்றும் எழுதவில்லை என்றே பொருள். வாடிக்கையாளர் கொடுத்தனுப்பிய ஒரு மீட்டர் துண்டு, அதன் நிறம், லாட் எண், வந்து சேர்ந்த தேதி, எந்த நிலையில் வந்தது என்பதெல்லாம் வேண்டும். துண்டை வெட்டிக் கொடுத்தது கூடம் இல்லையென்றால், முடிவு கைக்கு வந்த அந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்று சொல்ல வேண்டும். கிடங்கில் இருக்கும் ரோல்களில் எல்லாம் அதே சுருக்கம்தான் இருக்கும் என்று கூடத்தால் சொல்ல முடியாது. பிறகு சண்டை வரும்போது எல்லாரும் புரட்டிப் பார்ப்பது இந்த வரியைத்தான்.

அடுத்தது சோதனை முறை. இங்கே பலர் ‘40 டிகிரியில் துவைத்தது’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். பின்னல் துணி, சாயமேற்றி உலர்த்தும் வழியெல்லாம் நீளவாக்கில் இழுபட்டே வருகிறது. நனைந்து புரளும்போது இழுபட்ட கண்ணிகள் தளர்ந்து தம் இயல்பான வடிவத்துக்குத் திரும்புகின்றன. டிரையரில் சூட்டோடு உருட்டினால் இந்தத் தளர்ச்சி இன்னும் முழுமையாக நடக்கும். கொடியில் காயவைத்தால் அந்த அளவுக்கு நடக்காது. ஒரே துணி டிரையரில் தோற்று, கொடியில் தேறக்கூடும். அதனால் ஐ.எஸ்.ஓ. 6330 என்ற தர எண்ணோடு, அதில் எந்தத் துவைப்பு முறை, எந்த உலர்த்தும் முறை, எத்தனை சுற்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மூன்றாவது வரிதான் நம் 5.1-க்குத் தலையெழுத்து. ஏற்பு வரம்பு 5.0 சதவீதம், சரி. ஆனால் வந்த எண்ணை எப்படி முழுமையாக்குவது? அரை சதவீதத்துக்கு முழுமையாக்கினால் 5.1 என்பது 5.0 ஆகித் தேறிவிடும். ஒரு தசமத்தோடு நிறுத்தினால் தோல்வி. அளவீட்டின் ஐயப்பாடும் உண்டு: கூடம் அதை ±0.5 சதவீதம் என்று கணக்கிட்டிருந்தால், உண்மையான சுருக்கம் 4.6-ஆகவும் இருக்கலாம், 5.6-ஆகவும் இருக்கலாம். ஆபத்தே வேண்டாம் என்று நினைக்கும் பையர், ஐயப்பாட்டைக் கழித்து 4.5-க்குள் வந்தால்தான் தேர்வு என்று முன்கூட்டியே கேட்கலாம். அப்போது 4.8 வந்த துணிக்கும் ‘தேர்வு’ கிடைக்காது. பரிசோதனைக் கூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரத்தின் 2017 பதிப்பு இதை ‘முடிவெடுக்கும் விதி’ என்கிறது. தேர்வு, தோல்வி என்று அறிவிக்கும் கூடம், எந்த விதிப்படி அறிவித்தது என்பதையும் ஆவணப்படுத்த வேண்டும்.

விதி தெளிவாக இருந்தால் முடிவு வரிகள் தாமாகவே எழுதிக்கொள்ளும்:

‘நீளவாக்குச் சுருக்கம்: 5.1%. ஏற்பு வரம்பு: 5.0%-க்கு மிகாமல். விதி: ஒரு தசமத்துக்கு முழுமையாக்கி நேரடி ஒப்பீடு, ஐயப்பாடு (±0.5%) கணக்கில் கொள்ளப்படவில்லை. முடிவு: தோல்வி.’

‘கிட்டத்தட்டத் தேர்வு’, ‘திருப்திகரம்’, ‘சற்றே அதிகம்’ போன்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை. அப்படி எழுதியவர் இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பார்; ஆனால் துணியை வெட்டலாமா கூடாதா என்று காத்திருக்கும் கட்டிங் மாஸ்டருக்கு அதனால் பயனில்லை. காம்பாக்டிங் போதாததால் சுருங்கியிருக்கலாம் என்று சோதகருக்குத் தோன்றினால் எழுதலாம். ஆனால் முடிவோடு கலக்காமல், தனியே ‘கருத்து’ என்று தலைப்பிட்டு எழுத வேண்டும்.

அடுத்து மெர்ச்சண்டைசரிடமிருந்து போன் வரும்: “இன்னொரு தடவை துவைச்சுப் பாருங்க சார்.” பார்க்கலாம், தவறில்லை. ஆனால் இரண்டாவது முறை 4.9 வந்தால், முதல் 5.1-ஐக் கிழித்துப் போட்டுவிட்டு 4.9-ஐ மட்டும் அனுப்புவது பொய் அறிக்கை. இரண்டு எண்களும் தாளில் இருக்க வேண்டும். மில் அந்த லாட்டை மறுபடி காம்பாக்டிங் செய்து புதுத் துண்டு அனுப்பினால் கதை வேறு: அது புது மாதிரி, அதற்குப் புது அறிக்கை எண். பழைய ‘தோல்வி’ அறிக்கை கோப்பில் அப்படியே இருக்கும்.