பந்து ஏன் பலூன் மாதிரி இறங்குகிறது?

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிளெண்டர் என்கிற இலவச அனிமேஷன் மென்பொருளை இறக்கி, அதில் ஒரு பந்தைத் துள்ள விட்டிருந்தாள்.

“சித்தப்பா, மேலே ஒரு இடம் குடுத்தேன், கீழே ஒரு இடம் குடுத்தேன். பந்து போய்ட்டுத்தான் வருது. ஆனா பலூன் மாதிரி இறங்குதே, ஏன்?”

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். கிளம்பும்போது சாதாரணமாகத்தான் கிளம்பியது பந்து. தரை நெருங்க நெருங்கத் தயங்கி, சுடுதண்ணீரில் கால் வைப்பவர்போல மெல்லத் தொட்டு, மெல்லவே மேலே எழும்பியது. இந்தப் பந்தைச் சரிசெய்ய மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்: ஃபிரேம் வேகம், கீஃபிரேம், இன்டர்போலேஷன். எந்த அனிமேஷன் மென்பொருளைத் திறந்தாலும் இந்த மூன்றும் வேறு வேறு பொத்தான்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

முதலில் ஃபிரேம். திரையில் எதுவும் நகர்வதில்லை. அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. அசைவாக அதைக் கோத்துக்கொள்வது நம் கண்ணும் மூளையும். அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். ஒரு நொடியில் எத்தனை படம் வருகிறது என்பதுதான் ஃபிரேம் வேகம். திரையில் fps என்று இருக்கும். சினிமாவுக்கு 24. மௌனப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும், யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1920-களின் கடைசியில் படம் பேச ஆரம்பித்ததும் அது நடக்கவில்லை. வேகம் கொஞ்சம் பிசகினாலும் குரல் கீச்சிடும், அல்லது இழுக்கும். காது உடனே கண்டுபிடித்துவிடும். அதனால் ஒரே வேகம் வேண்டியிருந்தது, 24 நிலைத்தது. நம் ஊர் தொலைக்காட்சிக்கு 25. கைப்பேசியில் எடுக்கும் வீடியோ பெரும்பாலும் 30 அல்லது 60.

பிளெண்டரைத் திறந்தால் 24 என்றுதான் இருக்கும். அப்படியே வைத்துக்கொள்வோம். அனிமேஷன்காரர்கள் நேரத்தை நொடியில் பேசுவதில்லை, ஃபிரேமில்தான் பேசுவார்கள். அவர்களுக்கு அரை நொடி என்பது 12 ஃபிரேம்.

இனி பந்து. அரை நொடியில் ஒரு பொருள் சுமார் 1.25 மீட்டர் விழும். இது புவியீர்ப்புக் கணக்கு. நம் பந்து 10 சென்டிமீட்டர் ஆரம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பந்தின் உயரத்தை நடுப்புள்ளியிலிருந்து அளக்கும். தரையில் இருக்கும்போது உயரம் 0 என்று கொடுத்தால் பாதிப் பந்து தரைக்குள் புதைந்துவிடும். ஆகவே தரையில் 0.1, உச்சியில் 1.35.

முதல் ஃபிரேமில் நின்று, Z என்ற உயரப் பெட்டியில் 1.35 என்று தட்டி, பெட்டியின்மேல் மவுஸை வைத்து I என்ற விசையை அழுத்தினால் பெட்டியின் நிறம் மாறும். கீழே உள்ள காலக்கோட்டில் ஒரு சிறு வைரக்கல் வடிவம் விழும். அதுதான் கீஃபிரேம். ‘இந்த ஃபிரேமில் இந்த மதிப்பு இதுதான்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டு. அடுத்தது 13-வது ஃபிரேமில் 0.1, பிறகு 25-வதில் மறுபடி 1.35. மூன்றே சீட்டுகள்.

அரை நொடிக்கு 12 ஃபிரேம் என்றால் ஏன் 13-இல் வைக்கிறோம்? வேலிக் கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: 12 இடைவெளி வேண்டும் என்றால் 13 கம்பம் நட வேண்டும். அதே காரணத்தால், பந்து விடாமல் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமானால் ஓட்டத்தின் கடைசி ஃபிரேமை 24 என்று வையுங்கள். 25-உம் 1-உம் ஒரே படம். இரண்டையும் ஓட்டினால் ஒரே படம் அடுத்தடுத்து இருமுறை வந்து ஒரு சிறு திக்கல் தட்டும்.

மூன்று ஃபிரேமுக்குத்தான் நாம் மதிப்பு கொடுத்தோம். மீதி 22 ஃபிரேமுக்குக் கொடுத்தது யார்? கையால் வரைந்த காலத்தில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மூத்த கலைஞர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். கீஃபிரேம் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். இடையில் வர வேண்டிய படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். அந்த உதவியாளரின் வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் கனடாவின் தேசிய ஆய்வுக் கவுன்சிலைச் சேர்ந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் இருவரும். அவர்களுடைய முறையை வைத்து பீட்டர் ஃபோல்டெஸ் எடுத்த ‘ஹங்கர்’ என்ற குறும்படம் 1974-இல் கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊதிப்போகும் ஒரு மனிதனின் கதை. ஒரு கோட்டோவியம் கரைந்து இன்னொன்றாக மாறுவதை அதில் பார்க்கலாம்.

இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்பும் இந்த வேலைக்குப் பெயர் இன்டர்போலேஷன். வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புள்ளி ஒன்றுதான், நேர்க்கோட்டிலும் இணைக்கலாம், வளைத்தும் இழுக்கலாம். புள்ளிகள் கீஃபிரேம், இழை இன்டர்போலேஷன். பிளெண்டரில் Graph Editor என்ற பகுதியைத் திறந்தால் இது கண்ணெதிரே தெரியும்: இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாக மதிப்பு, நடுவே மூன்று புள்ளியும் ஒரு கோடும்.

பந்தின் நோய் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிளெண்டர் Bezier என்ற வகையைப் போடும். ஒவ்வொரு புள்ளியிலும் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும் வளைவு அது. லிஃப்ட்டுக்குச் சரி, கை அசைவுக்கும் சரி. தரையில் மோதும் பந்துக்குத்தான் ஆகாது.

சரி, நேர்க்கோடு போடலாமே என்று அண்ணன் மகள் Linear-ஐத் தேர்ந்தெடுத்தாள். இப்போது பந்து உச்சிக்கும் தரைக்கும் இடையே ஒரே வேகத்தில் போய் வந்தது, தையல் மிஷின் ஊசி மாதிரி. இதுவும் பந்து இல்லை.

வித்தியாசம் எங்கே என்று பார்க்க, தரையைத் தொடுவதற்கு முந்தைய ஃபிரேமில், அதாவது 12-இல், ஓட்டத்தை நிறுத்திப் பாருங்கள். நிஜப் பந்துக்கும் தரைக்கும் நடுவே அப்போது இன்னும் 20 சென்டிமீட்டர் இருக்கும். அத்தனையையும் கடைசி ஒரே ஃபிரேமில் கடக்கும். அதனால்தான் மோதல் மோதலாகத் தெரிகிறது. Linear-இல் மிச்சம் சுமார் 10 சென்டிமீட்டர். Bezier-இல் 3 சென்டிமீட்டர்கூட இருக்காது, அதுதான் பலூன். இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. பாதி வழியில், 7-வது ஃபிரேமில், Linear-உம் Bezier-உம் ஏறக்குறைய ஒரே உயரத்தைத்தான் காட்டும். அங்கே மட்டும் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்றே தோன்றும்.

விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும், எழும் பொருளின் வேகம் குறைந்துகொண்டே வர வேண்டும். இதற்கு மென்பொருளிலேயே வழி இருக்கிறது. Graph Editor-இல் முதல் புள்ளியைத் தேர்ந்தெடுத்து T அழுத்தி Quadratic என்று கொடுங்கள். பிறகு Ctrl+E அழுத்தி Ease In. நடுப்புள்ளிக்கும் Quadratic, ஆனால் Ease Out. ஒரு புள்ளிக்குக் கொடுக்கும் வகை, அதற்கு வலப்பக்கம் அடுத்த புள்ளி வரை உள்ள துண்டுக்குத்தான் பொருந்தும். கோடு இப்போது தரையில் V எழுத்தின் அடிபோலக் கூர்மையாக மடங்கும், உச்சியில் உருண்டையாக வளையும். பந்து பந்தாகிவிட்டது.

இன்டர்போலேஷனை நம்புவதில் ஓர் எச்சரிக்கை. அதற்குத் தெரிந்தது எண் மட்டும்தான். பந்து எது, தரை எது என்று தெரியாது. கடிகார முள்ளை 350 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். இருபது டிகிரி முன்னே நகராமல், 340 டிகிரி பின்னால் சுற்றி வரும். 10-க்குப் பதில் 370 என்று கொடுக்க வேண்டும். சில சமயம் இன்டர்போலேஷனே வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். Constant என்று கொடுத்தால் அடுத்த கீஃபிரேம் வரும்வரை உருவம் அசையாமல் நின்று, சட்டென்று தாவும். கையால் வரைந்த படங்களில் ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்குக் காட்டி, நொடிக்கு 12 ஓவியத்தோடு முடித்துக்கொள்வது வெகுகாலப் பழக்கம். அந்தத் துடிப்பான நடையை வேண்டுமென்றே கணினியில் கொண்டுவருகிறவர்கள் உண்டு.

அண்ணன் மகளுக்கு இதெல்லாம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. உடனே, “60 fps வச்சா இன்னும் ஸ்மூத்தா இருக்குமே” என்று மாற்றினாள். பந்து வெறி பிடித்ததுபோலத் துடித்தது. பிளெண்டரில் கீஃபிரேம் ஃபிரேம் எண்ணோடு கட்டப்பட்டது. 12 ஃபிரேம் இப்போது அரை நொடி இல்லை, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அரை நொடி வேண்டுமானால் கீஃபிரேம்களை 31-க்கும் 61-க்கும் நகர்த்த வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் கீஃபிரேம் நேரத்தோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே இந்தச் சிக்கல் வராது. பிளெண்டரில் வேலை செய்கிறவர் ஃபிரேம் வேகத்தை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு கை வைக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. பழைய கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது பந்து மந்தமாகத் தெரிந்தால் உடனே கீஃபிரேமைத் திருத்தாதீர்கள். ஓடும்போது திரையின் மேல் மூலையில் ஃபிரேம் வேகம் காட்டும். அது சிவப்பாக, 24-க்குக் குறைவாக இருந்தால் கணினி மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். உங்கள் கணக்கில் பிழை இல்லை.

நிஜப் பந்து ஒவ்வொரு துள்ளலிலும் உயரம் குறையும் அல்லவா? அடுத்த துள்ளல் கால்வாசி உயரம் என்று வைத்தால், அதற்கு ஆகும் நேரம் கால்வாசி ஆகாது, பாதி ஆகும். எனவே 24 fps-இல், 13-வது ஃபிரேமில் தரையைத் தொட்ட பந்து 19-இல் உச்சிக்குப் போய் 25-இல் மறுபடி தரைக்கு வரும். உச்சியின் Z மதிப்பு 0.41. கொடுத்து, ஓட்டிப் பாருங்கள்.