அல்சர் கிருமிக்கு மருந்து குடித்தும் போகவில்லையா? அதே குளிசைகளை மீண்டும் வாங்காதீர்கள்

வயிற்றில் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற பக்டீரியாவை அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பெரி மார்ஷல் ஆகிய இரு வைத்தியர்கள் அடையாளம் கண்டனர். 1982 இல் அதனை ஆய்வுகூடத்தில் வளர்த்தும் காட்டினர். அதுவரை காரமும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று நம்பப்பட்டது. 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கிருமிதான் காரணம் என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆனால் அதற்கான மருந்தை ஒரு முறை முடித்தும் கிருமி போகாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம் இருக்கிறது.

முதலில், ஏன் இத்தனை குளிசைகள்? இந்தக் கிருமி இரைப்பையின் உட்சுவரில் உள்ள சளிப் படலத்துக்குள் ஒளிந்து வாழ்கிறது. அதன் எண்ணிக்கை மிகப் பெரியது. எந்த ஒரு அன்டிபயோட்டிக்கைக் கொடுத்தாலும் அதற்கு அசையாத சில கிருமிகள் அந்தக் கூட்டத்தில் ஏற்கனவே இருக்கும். மற்றவை செத்துப்போக, அவை பெருகிவிடும். அதனால்தான் காசநோய்க்குப் போலவே இதற்கும் ஒரே நேரத்தில் இரண்டு அன்டிபயோட்டிக்குகள் கொடுக்கப்படுகின்றன. கூடவே வரும் ஒமெப்பிரசோல் போன்ற குளிசையைப் பலர் 'கேஸ் குளிசைதானே' என்று அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அமிலம் குறைந்தால்தான் கிருமி பெருகத் தொடங்கும். பெருகும் கிருமியைத்தான் அமொக்ஸிசிலின் கொல்லும். ஒமெப்பிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, காலையும் மாலையும் தவறாமல் எடுக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு வியாபாரி. எண்டொஸ்கொப்பியில் சிறுகுடலின் ஆரம்பத்தில் புண் இருப்பதும் கிருமி இருப்பதும் தெரிகிறது. ஒமெப்பிரசோல், அமொக்ஸிசிலின், கிளரித்ரோமைசின் மூன்றையும் 7 நாட்களுக்கு எடுக்கிறார். வலி போய்விடுகிறது. மூன்று வாரம் கழித்து, ஒரு திருப்திக்காக இரத்தப் பரிசோதனை செய்கிறார். 'பொசிட்டிவ்' என்று வருகிறது. பார்மசிக்குப் போய் அதே மூன்று குளிசைகளை மறுபடியும் கேட்கிறார்.

இங்கே இரண்டு விடயங்கள் பிழைத்துவிட்டன. முதலாவது, பரிசோதனை. இரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உருவாக்கிய பிறபொருளெதிரியை. கிருமி முற்றாக அழிந்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இரத்தத்தில் நிற்கும். ஆகவே மருந்து வேலை செய்ததா என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. வலி நின்றதும் ஆதாரமல்ல. அமிலம் குறைந்தாலே வலி குறையும்.

சரியான வழி, மூச்சுப் பரிசோதனை அல்லது மலத்தில் கிருமியின் கூறைத் தேடும் அன்டிஜன் பரிசோதனை. அதையும் கடைசி அன்டிபயோட்டிக் குளிசையை எடுத்து குறைந்தது 4 வாரங்கள் சென்ற பிறகே செய்ய வேண்டும். ஒமெப்பிரசோல் வகைக் குளிசைகளை 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அந்த இரண்டு வாரமும் நெஞ்செரிவு வந்தால் என்ன எடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நமது வியாபாரி இப்படிச் செய்து, மூச்சுப் பரிசோதனையிலும் பொசிட்டிவ் என்று வருகிறது என வைத்துக்கொள்வோம். இப்போது தோல்வி உறுதி. ஆனால் அதே மருந்தை மீண்டும் எடுப்பதுதான் இரண்டாவது பிழை.

கிளரித்ரோமைசினுக்குக் கிருமி பழகிவிட்டால் அது முழுமையான எதிர்ப்பு. மருந்து போய் ஒட்ட வேண்டிய இடமே மரபணுவில் மாறிவிடுகிறது. அளவைக் கூட்டினாலும் நாட்களை நீட்டினாலும் பலன் இல்லை. இருமலுக்கும் தொண்டை வலிக்கும் முன்பு எடுத்த அசித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியனவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றாலும் இந்த எதிர்ப்பு உருவாகியிருக்கலாம். சளிக்கெல்லாம் அன்டிபயோட்டிக் வாங்கும் பழக்கத்தின் விலையை வயிறு கொடுக்கிறது. லிவோபிளொக்சசினும் இப்படித்தான். ஒரு முறை தோற்றால் அதைத் திரும்பத் தொடக்கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோபிளொக்சசின் எடுத்தவர்களிடமும் அதன் பலன் குறையலாம்.

மெட்ரோனிடசோலின் கதை வேறு. அதற்கு எதிர்ப்பு இருந்தாலும், போதிய அளவில் 14 நாட்கள், பிஸ்மத்துடன் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் வெல்லலாம். அமொக்ஸிசிலினுக்கு எதிர்ப்பு உருவாவது அரிது. எனவே அதை மீண்டும் பாவிக்கலாம்.

ஆகவே கிளரித்ரோமைசினுடன் தோற்றவருக்கு வழமையாகத் தெரிவு செய்யப்படுவது நான்கு மருந்துச் சிகிச்சை. ஒமெப்பிரசோல் வகைக் குளிசை நாளுக்கு இரண்டு முறை, பிஸ்மத் நான்கு முறை, டெட்ராசைக்கிளின் 500 மில்லிகிராம் நான்கு முறை, மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம் மூன்று அல்லது நான்கு முறை. இது 14 நாட்கள். முதல் தடவையிலேயே இதைக் கொடுப்பதுதான் நல்லது என்று அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரியின் 2024 வழிகாட்டலும் சொல்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. சிறுநீரக நோயாளிகள் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த 14 நாட்களில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். பால் தேநீருடன் குளிசையை விழுங்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பாலில் உள்ள கல்சியம் டெட்ராசைக்கிளினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மருந்து உடலில் சேராது. இரும்புச்சத்துக் குளிசையும் அமிலத்தைத் தணிக்கும் பாணியும் அப்படியே. தண்ணீருடன் விழுங்கி, இவற்றுக்கு இரண்டு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். டெட்ராசைக்கிளின் இல்லை, டொக்சிசைக்கிளின் தரவா என்று பார்மசியில் கேட்டால் உடனே தலையாட்ட வேண்டாம். பெயர் ஒத்திருந்தாலும் இந்தக் கிருமிக்கு அதன் பலன் குறைவு. 14 நாட்களுக்கான நான்கு மருந்துகளும் கையில் சேர்ந்த பிறகே முதல் குளிசையை எடுங்கள். நடுவில் ஒன்று தீர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால் மறுபடியும் எதிர்ப்புக்கு வழி திறந்துவிடும்.

வாயில் உலோகச் சுவை, குமட்டல், இளகிய மலம் வரலாம். இவற்றுக்காகத்தான் பலர் ஐந்தாம் நாளில் நிறுத்திவிடுகிறார்கள். பிஸ்மத்தால் மலமும் நாக்கும் கறுக்கும், அது ஆபத்தில்லை. ஆனால் மலம் தார் போல ஒட்டும் தன்மையுடன், கடும் துர்நாற்றத்துடன் போய், தலைசுற்றலும் இருந்தால் அது இரத்தக் கசிவு. தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நோன்பு காலம் பற்றியும் சொல்ல வேண்டும். நாளுக்கு நான்கு முறை எடுக்கும் மருந்தை இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் நெருக்கித் திணிப்பது சிகிச்சையாகாது. இரத்தக் கசிவு போன்ற சிக்கல் இல்லாதவர்கள், வைத்தியரின் ஆலோசனையுடன் அமிலத்தைக் குறைக்கும் குளிசையை மட்டும் தொடர்ந்து, கிருமிக்கான மருந்தைப் பெருநாளுக்குப் பின் ஆரம்பிக்கலாம். புண்ணிலிருந்து இரத்தம் கசிந்தவர் தள்ளிப்போடக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது.

நான்கு மருந்தையும் முடித்த பின் நமது வியாபாரி மறுபடியும் 4 வாரம் காத்திருந்து அதே மூச்சுப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். 'நெகட்டிவ்' என்றால் கதை முடிந்தது. வளர்ந்தவர்களுக்குக் கிருமி மீண்டும் தொற்றுவது பொதுவாக அதிகமல்ல. இரண்டாவது முறையும் தோற்றால், மூன்றாவதை ஊகத்தில் தொடங்காமல் இரைப்பை குடல் நிபுணரிடம் செல்வதே நல்லது. எண்டொஸ்கொப்பியில் சிறு துண்டு எடுத்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று ஆய்வுகூடத்தில் பார்க்க முடியும். அந்த வசதி கிடைக்காத இடத்தில் நிபுணர் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: இதுவரை எந்தெந்த அன்டிபயோட்டிக்கை எத்தனை நாள் எடுத்தீர்கள் என்ற விபரம். ஆகவே ஒவ்வொரு முறையும் மருந்துத் துண்டைக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள், வெற்று மருந்து அட்டையையாவது வீசிவிடாதீர்கள்.