பந்தயக் குதிரையின் இரைப்பைப் புண்: காரணமும் கவனிப்பும்

குதிரை நாளெல்லாம் சிறிது சிறிதாகப் புல் மேயும் விலங்கு. மேய்ச்சல் நிலத்தில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் மேய்ச்சலிலேயே கழிக்கிறது. அந்த வாழ்க்கைக்கென அமைந்த இரைப்பையை, லாயத்தில் நாளுக்கு இருவேளைத் தீவனமும் விடியற்காலை ஓட்டமும் என்ற ஒழுங்குக்குள் கொண்டுவரும்போது உண்டாகும் நோயே இரைப்பைப் புண். பந்தயப் பயிற்சியிலுள்ள தரோபிரெட் குதிரைகளை எண்டோஸ்கோபி மூலம் ஆராய்ந்த ஆய்வுகள் பலவற்றில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குதிரைகளிடம் இப்புண் காணப்பட்டது.

இரண்டு பகுதிகள், இரண்டு நோய்கள்

குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் வரை மட்டுமே கொள்ளும் சிறிய பை. அதன் உட்சுவர் இரு வகைப்பட்டது. மேல் மூன்றில் ஒரு பங்கு, உணவுக்குழாயின் உட்புறத்தைப் போன்ற வெளிறிய தோலால் ஆனது. அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் சளிப்படலம் அதற்கு இல்லை. கீழ்ப்பகுதி அமிலத்தைச் சுரக்கும் சுரப்பிகள் நிறைந்தது. தடித்த சளிப்படலம் அதைக் காக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் ஒரு மடிப்பு விளிம்பாகத் தெளிவாகத் தெரியும்.

குதிரையின் இரைப்பை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவும் பகலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கிறது. குதிரை வேகமாக ஓடும்போது வயிற்றறையின் அழுத்தம் கூடி இரைப்பை நெருக்கப்படுவதால், கீழே தேங்கியிருக்கும் அமிலம் பாதுகாப்பற்ற மேற்பகுதிவரை ஏறிப் படிகிறது. மேற்பகுதிப் புண் உருவாகும் வழி இதுதான். கீழ்ப்பகுதிப் புண், காப்புச் சளிப்படலம் பலவீனமடைவதால் உண்டாவதாகக் கருதப்படும் வேறொரு நோய். ஒன்றுக்கான மருத்துவம் மற்றொன்றுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

எண்டோஸ்கோபி காட்டுவது என்ன?

தானியத்தை மிச்சம் வைத்தல், சேணவாரை இறுக்கும்போது முரண்டு பிடித்தல், மேனியின் பளபளப்பு குன்றுதல், தீவனத்திற்குப் பின் லேசான வயிற்றுவலி, ஓட்டத்தில் சுணக்கம் ஆகியவை அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. ஆயினும் இவை வேறு பல நோய்களிலும் தோன்றுவதாலும், கடுமையான புண்ணுள்ள குதிரைகள் சில எந்த அறிகுறியையும் காட்டாததாலும், இரைப்பையை நேரில் பார்ப்பதே உறுதியான வழி.

அதற்காகக் குதிரையை 12 முதல் 16 மணி நேரம் தீவனமின்றி வைத்து, நின்ற நிலையிலேயே மயக்க ஊசி மூலம் அமைதிப்படுத்தி, ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள உள்நோக்கிக் குழாயை மூக்குத் துளை வழியாக இரைப்பைக்குள் செலுத்துவர். காற்றைச் செலுத்தி இரைப்பையை விரித்ததும் மேற்பகுதியின் வெளிறிய தோலும், மடிப்பு விளிம்பும், அதற்குக் கீழே சிவந்த சுரப்பிப் பகுதியும் திரையில் தெரியும்.

மேற்பகுதிப் புண்ணை 0 முதல் 4 வரை தரப்படுத்துவர். தோல் நலமாக இருந்தால் 0. புண்ணில்லாமல் மஞ்சள் நிறத்தில் தடித்திருந்தால் 1. சிறு புண்கள் இருந்தால் 2. பெரிய அல்லது பரந்த மேலோட்டமான புண்ணானால் 3. பரந்தும் ஆழ்ந்தும் இருந்தால் 4. கீழ்ப்பகுதிப் புண்ணுக்கு இந்த எண்கள் பொருந்தா என்பதால் அதன் இடம், பரப்பு, கடுமை, தோற்றம் ஆகியவற்றைச் சொற்களாலேயே விவரிக்க வேண்டுமென 2015இல் ஐரோப்பியக் குதிரை மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். கீழ்ப்பகுதிப் புண் இரைப்பையின் வெளிவாய்க்கு அருகிலேயே மிகுதியாகக் காணப்படுவதால், குழாயை அதுவரை கொண்டுசெல்லாமல் முடித்துக்கொள்ளும் பரிசோதனை முழுமையானதாகாது.

தீவன அட்டவணை: ஓர் எடுத்துக்காட்டு

500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரை ஒன்றுக்கு நாளுக்கு 6 கிலோ ஓட்ஸும் 4 கிலோ உலர்புல்லும், காலை 7 மணிக்கும் மாலை 6 மணிக்கும் சரிபாதியாகத் தரப்படுவதாகக் கொள்ளலாம். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க ஏறத்தாழ 40 நிமிடமும், ஒரு கிலோ தானியத்திற்கு ஏறத்தாழ 10 நிமிடமும் ஆகுமென்பதால், மாலைத் தீவனம் 8 மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் காலை 7 மணிவரை 11 மணி நேரம் அக்குதிரை எதையும் மெல்லாமல் நிற்கிறது, இடையே 5.30 மணிக்கு வெறும் வயிற்றோடு ஓடவும் செய்கிறது.

மாவுச்சத்தின் கணக்கும் இவ்வாறே பிழைபடுகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 2 கிராம், வேளைக்கு 1 கிராம் என்பதே மாவுச்சத்தின் பாதுகாப்பான உச்ச வரம்பாகக் கொள்ளப்படுகிறது. இக்குதிரைக்கு அது நாளுக்கு 1 கிலோ. ஓட்ஸில் ஏறத்தாழ 40 விழுக்காடு மாவுச்சத்து இருப்பதால், 6 கிலோ ஓட்ஸ் 2.4 கிலோ மாவுச்சத்தைத் தருகிறது. இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் அமிலங்கள், சுரந்த அமிலத்தோடு சேர்ந்து மேற்பகுதித் தோலை மேலும் அரிக்கின்றன.

திருத்திய அட்டவணையில் ஓட்ஸ் 2.5 கிலோவாகக் குறைந்து, மூன்று வேளைகளாகப் பிரிகிறது. உலர்புல் ஏறத்தாழ 8.5 கிலோவாக உயர்ந்து, சிறு கண்ணுள்ள வலைப்பைகளில் நிரப்பப்பட்டு, 6 மணி நேரத்திற்கு மேல் இடைவெளி விழாதபடி இரவிலும் தொங்கவிடப்படுகிறது. ஓட்ஸ் குறைவதால் இழக்கும் ஆற்றலைக் கூடுதல் புல்லும், சிறுகச் சிறுகச் சேர்க்கும் தாவர எண்ணெயும் ஈடுசெய்கின்றன. காலை ஓட்டத்திற்கு அரைமணி நேரம் முன்பு கொடுக்கும் ஓரிரு கைப்பிடிக் குதிரைமசால், அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தாலும் புரதத்தாலும் அமிலத்தைத் தணிப்பதோடு, அமிலத்தின் மேல் மிதக்கும் நார்ப்படுகையாகி அது மேலே தெறிப்பதையும் தடுக்கிறது. இம்மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் இரண்டு வாரங்களில் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்து

இரைப்பைச் சுரப்பிகள் அமிலத்தை வெளியேற்றும் இறுதிப் படியைத் தடுக்கும் ஒமெப்ரசோல் இதற்கான முதன்மை மருந்து. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 4 மில்லிகிராம் என்ற அளவில், மேற்சொன்ன குதிரைக்கு நாளுக்கு 2 கிராம் வீதம் 28 நாட்கள் தரப்படும். தீவனத்தோடு சேரும்போது மருந்து குறைவாகவே உடலில் ஏறுவதால், காலையின் முதல் தீவனத்திற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது நல்லது. அமிலத்தைக் குறைக்கும் இம்மருந்தே அமிலத்தில் சிதைந்துபோகக்கூடியது என்பதால், காப்புப் பூச்சுள்ள குருணைகளைப் பொடித்துக் கொடுத்தால் பயனில்லை.

மேற்பகுதிப் புண்களில் பெரும்பாலானவை இக்காலத்திற்குள் ஆறிவிடும். கீழ்ப்பகுதிப் புண்ணிலோ ஒமெப்ரசோலை மட்டும் கொடுத்தபோது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே ஆறியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே புண்ணின் மேல் ஒட்டிப் படலமாகக் காக்கும் சுக்ரால்ஃபேட்டைக் கிலோவுக்கு 12 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை சேர்த்துத் தருகின்றனர். வாரத்தில் இரண்டு நாளாவது பயிற்சியிலிருந்து ஓய்வு தருவதும் இவ்வகைக்கு அவசியம்.

மருந்தை நிறுத்துமுன் மீண்டும் எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். அறிகுறி மறைந்ததை வைத்துப் புண் ஆறிவிட்டதெனக் கொள்ளலாகாது. மருந்தை நிறுத்தியதும் அமிலச் சுரப்பு சில நாட்கள் வழக்கத்தைவிட மிகுந்து எழக்கூடும் என்பதால், திருத்திய அட்டவணையை அந்நாட்களில் சிறிதும் தளர்த்தக் கூடாது. பந்தயத்திற்கு எத்தனை நாள் முன்பு மருந்தை நிறுத்த வேண்டும் என்பது இடத்திற்கு இடம் மாறுபடுவதால், கால்நடை மருத்துவர் அந்த விதியை அறிந்தே நாட்களைக் கணக்கிட வேண்டும்.

பழைய அட்டவணைக்கே திரும்பும் குதிரையிடம் புண்ணும் திரும்பி வருகிறது. ஆதலின் குதிரையை வளர்ப்போர் இரவு 10 மணிக்கு ஒருமுறை லாயத்தினுள் சென்று, வலைப்பையில் புல் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலைப்பை வெறுமையாக இருந்தால், மருந்துக்கு முன் திருத்த வேண்டியது அதுவே.