பொதிப் பட்டியலில் விலையையும் விவரத்தையும் நிரப்புதல்

பொதிப் பட்டியலில் பொருளின் குறியீட்டை மட்டும் தட்டச்சு செய்தால் போதும். விவரத்தையும் விலையையும் முதன்மைப் பொருள் தாளிலிருந்து எக்செல் தானே எடுத்துக்கொள்ள VLOOKUP சார்பு உதவுகிறது. Items என்ற தாளின் A நிரலில் குறியீடும், B நிரலில் விவரமும், C நிரலில் விலையும் உள்ளன எனக் கொள்வோம். பொதிப் பட்டியலின் A2 கட்டத்தில் குறியீடு இருந்தால், விலைக்கான வாய்பாடு:

```
=VLOOKUP($A2,Items!$A$2:$C$200,3,FALSE)
```

3-ஐ 2 என மாற்றினால் விவரம் கிடைக்கும். வாய்பாட்டைக் கீழே நகலெடுக்கும்போது தேடும் பகுதி நகராமல் இருக்கவே $ குறிகள் இடப்படுகின்றன.

கடைசியில் உள்ள FALSE, குறியீடு முழுமையாகப் பொருந்த வேண்டும் என்கிறது. அதை விட்டுவிட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்தைத் தேடும். முதன்மைத் தாளில் 1030 (₹140), 1040 (₹210) ஆகியவை ஏறுவரிசையில் அடுத்தடுத்து இருக்க, பட்டியலில் தவறுதலாக 1035 என இட்டால், எந்த எச்சரிக்கையும் இன்றி ₹140 வந்துவிடும். FALSE இருந்தால் #N/A தோன்றும். பிழை உடனே தெரியும்.

குறியீடு சரியாக இருந்தும் #N/A வந்தால், அது ஒரு தாளில் எண்ணாகவும் மற்றதில் உரையாகவும் பதிவாகியிருக்கலாம். சீரமைப்பை மாற்றாத கட்டங்களில் எண் வலப்புறமும் உரை இடப்புறமும் ஒட்டி நிற்பதால் இதைக் கண்டுகொள்ளலாம்.